ஏழரை நாழிகை, மூன்று மணித்தியாலம்

நேர அலகுகளைப் படிப்பிக்கும்போது ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது நம்மிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். "சேர், பஸ்ஸில கண்டக்டர் 'தவ விநாடி பஹய்' என்டு சொன்னா இன்னும் அஞ்சு நிமிசம் என்டுதானே அர்த்தம்? ஆனா இந்தியாப் புத்தகத்துல விநாடி என்டா செக்கன் என்டு கிடக்கு. எது சேர் சரி?"

இரண்டும் சரி. ஆனால் இரண்டுமே அந்தச் சொல்லின் பழைய பொருள் அல்ல. பழைய கணக்கில் ஒரு விநாடி என்பது நிமிடமும் இல்லை, செக்கனும் இல்லை. அது 24 செக்கன். அப்படி 60 விநாடி சேர்ந்தால் ஒரு நாழிகை. அப்படி 60 நாழிகை சேர்ந்தால் ஒரு முழு நாள், அதாவது இரவும் பகலும் சேர்ந்த நாள். கடிகாரம் வந்தபோது சிங்களம் பேசுவோர் விநாடி என்ற சொல்லை நிமிடத்துக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அதே சொல்லைச் செக்கனுக்குக் கொடுத்தார்கள். நாம் இலங்கையில் செக்கன் என்றே சொல்லிக்கொண்டு தப்பிவிட்டோம். சிங்களத்தில் இன்று மணித்தியாலத்துக்குச் சொல்லும் 'பெய' என்ற சொல்லின் கதையும் இதுதான். முன்பு ஒரு நாளுக்கு 60 பெய. இன்று 24.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நம்மோடு பல வருடம் படிப்பித்த ஒரு தமிழ் டீச்சரின் வீட்டில் இந்தக் கணக்கால் ஒரு கலியாணம் நிற்கப் பார்த்தது. அதைச் சொல்வதற்கு முன்னர் கணக்கைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்த்துவிடுவோம்.

ஒரு நாளில் 24 மணித்தியாலம். அதையே 60 பங்காகப் போட்டால் ஒரு பங்கு நாழிகை. 24 மணித்தியாலம் என்றால் 1440 நிமிடம். 1440ஐ 60ஆல் வகுத்தால் 24. ஆகவே ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணித்தியாலம். ஏழரை நாழிகை மூன்று மணித்தியாலம். அதைத்தான் ஒரு சாமம் என்றார்கள். ஒரு நாளுக்கு எட்டுச் சாமம்.

மனதில் வைத்துக்கொள்ள ஓர் இலகுவான வழி இருக்கிறது. நாழிகையை 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் மணித்தியாலம் வரும். விநாடியை 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் நிமிடம் வரும். இரண்டுக்கும் ஒரே விதி. 60 நாழிகைக்கு 24 மணித்தியாலம் என்பதுபோலவே 60 விநாடிக்கு 24 நிமிடம். 24க்கும் 60க்கும் உள்ள விகிதம் 2க்கு 5. திருப்பிப் போக வேண்டும் என்றால் 5ஆல் பெருக்கி 2ஆல் வகுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாழிகை முடிந்தது என்று அந்தக் காலத்தில் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? இதற்கு நமது கிழக்கு மாகாணத்தோடு தொடர்புடைய ஒரு சாட்சி இருக்கிறார். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660ஆம் ஆண்டு மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து 1679இல் தப்பிப் போய், 1681இல் தான் கண்டதையெல்லாம் ஒரு புத்தகமாக அச்சிட்டார். அதில் அவர் இந்தக் கணக்கையும் எழுதியிருக்கிறார். அடியில் சிறு துளையிட்ட ஒரு செம்புப் பாத்திரத்தைத் தண்ணீர் நிறைந்த மண்சட்டியில் மிதக்க விடுவார்கள். துளை வழியாகத் தண்ணீர் ஏறி, நிறைந்ததும் பாத்திரம் மூழ்கிவிடும். அது ஒரு 'பெய'. உடனே எடுத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி மிதக்க விட வேண்டும். பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது. பகல் கணக்கு சூரியன் உதிப்பதிலிருந்து தொடங்கும் என்றும் பதினைந்தாவது பெய நடுப்பகல் என்றும் அவர் குறித்திருக்கிறார். 15ஐ 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறு மணித்தியாலம். உதயத்திலிருந்து ஆறு மணித்தியாலம் கழிந்தால் உச்சிதான்.

அவர் சொன்னதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கணக்கு நள்ளிரவில் தொடங்கவில்லை. சூரியன் உதிக்கும்போது தொடங்கியது. நாழிகையைக் கடிகார நேரமாக மாற்றும்போது பெரும்பாலானவர்கள் இடறி விழுவது இந்த இடத்தில்தான். நாழிகை என்பது எத்தனை மணி என்று சொல்லாது. உதயத்திலிருந்து எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று மட்டும் சொல்லும். அன்றைக்கு, அந்த ஊரில், எத்தனை மணிக்குச் சூரியன் உதித்தது என்று தெரிந்தால்தான் மணியைச் சொல்லலாம்.

இப்போது டீச்சருடைய வீட்டுக்கு வருவோம்.

டீச்சரின் மகள் பிறந்தது 1999ஆம் ஆண்டு ஓகஸ்ட் நடுப்பகுதியில், மட்டக்களப்பில். பிள்ளைக்குப் பொருத்தம் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பிறந்த நேரம் கேட்டிருக்கிறார்கள். டீச்சரிடம் இரண்டு கடதாசி இருந்தது. ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை. அதில் பிறந்த நேரம் காலை 9.27. மற்றது டீச்சரின் தகப்பனார், பிள்ளையின் அப்பப்பா இல்லை அம்மப்பா, தன் கையால் எழுதி வைத்த குறிப்பு. அவர் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்தவர், இப்போது உயிரோடு இல்லை. அந்தக் குறிப்பில் 'உதயாதி நாழிகை 7, விநாடி 30' என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக 'ப.நே. 8.57' என்று போட்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் காட்டிய சாத்திரியார், 'ப.நே.' என்றால் பகல் நேரம் என்று எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி 9.27 என்கிறது, தாத்தா 8.57 என்கிறார், அரை மணித்தியாலம் இடிக்கிறது, ஆகவே நல்ல பலன் வருவதற்காக நேரத்தை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். டீச்சருக்குக் கலியாணம் குழம்பியதைவிட, மௌத்தாகிப் போன தகப்பனைப் பொய்யன் என்று சொன்னதுதான் தாங்க முடியவில்லை. "சேர், அவர் ஒரு சதம் கூடக் கணக்குப் பிழைக்க விடாத மனுசன்" என்று அழுதுகொண்டு சொன்னா.

நமக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. அதை டீச்சரும் அறிவா. ஆனால் அந்தக் கடதாசியில் இருந்தது சாத்திரம் அல்ல, கணக்கு. அதைப் பார்ப்பதற்கு நமக்கு ஒரு தடையும் இல்லை. இருவரும் மேசையில் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் நாழிகை. 7 நாழிகையை 24 நிமிடத்தால் பெருக்கினால் 168 நிமிடம், அதாவது 2 மணித்தியாலம் 48 நிமிடம். 30 விநாடி என்பது 12 நிமிடம். இரண்டையும் கூட்டினால் சரியாக 3 மணித்தியாலம். ஆகவே, சூரியன் உதித்து மூன்று மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது என்றுதான் அந்த மனிதர் சொல்கிறார். இந்த இடத்தில் 30 விநாடியை 30 செக்கன் என்று எடுத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் பிழைத்துவிடும். '7.30' என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அதை ஏழு தசம் மூன்று என்று எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பிழை. புள்ளிக்குப் பின்னால் உள்ளது பத்தில் பங்கு அல்ல, அறுபதில் பங்கு.

அடுத்தது உதயம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் மட்டக்களப்பில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும்? இதற்குப் பஞ்சாங்கம் தேடிப் போக வேண்டியதில்லை. நமது வீடுகளில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையிலேயே சுபஹுக்கும் லுஹருக்கும் நடுவில் சூரிய உதயம் என்று ஒரு நிரல் இருக்கிறது. சூரியன் வருடத்துக்கு வருடம் ஏறக்குறைய அதே திகதியில் அதே நேரத்துக்குத்தான் உதிக்கும், ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். பார்த்தோம், ஏறக்குறைய 5.57. அதோடு மூன்று மணித்தியாலத்தைக் கூட்டினால் 8.57. தாத்தா எழுதியதேதான்.

அப்படியென்றால் ஆஸ்பத்திரி பிழையா? அதையும் பின்னோக்கிப் பார்த்தோம். 9.27இலிருந்து மூன்று மணித்தியாலத்தைக் கழித்தால் 6.27. அந்த அட்டை சரி, நாழிகையும் சரி என்றால், அன்று மட்டக்களப்பில் சூரியன் 6.27க்கு உதித்திருக்க வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் கிழக்குக் கரையில் அந்த நேரத்துக்குச் சூரியன் உதிக்காது. அந்த நேரத்தில் வெயில் சுடத் தொடங்கிவிடும்.

சூரியன் மாறவில்லை. மாறியது கடிகாரம்.

நம் வயதுக்காரர்களுக்கு இது மறந்திருக்காது. 1996ஆம் ஆண்டு வரட்சி வந்து மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மே மாதம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. அந்தப் பத்து வருடமும் 'புதிய நேரமா, பழைய நேரமா' என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்குக்கூடப் போக முடியாது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். வாவியைக் கடந்து அந்தப் பக்கம் போனால் கைக்கடிகாரம் அரை மணித்தியாலம் முந்தி ஓடும். பள்ளிவாசல்களில் நிரந்தர அட்டவணை வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு வக்துக்கும் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. லுஹர் பிந்தவில்லை, அஸர் பிந்தவில்லை. நிழல் அது பாட்டுக்கு அதே இடத்தில்தான் விழுந்தது. கடிகாரத்தின் முள்தான் வேறு எண்ணைக் காட்டியது.

ஆகவே ஆஸ்பத்திரியின் 9.27 புதிய நேரம். புதிய நேரப்படி அன்று உதயம் 6.27. அதோடு மூன்று மணித்தியாலம் 9.27. தாத்தாவின் 8.57 பழைய நேரம். பழைய நேரப்படி உதயம் 5.57. அதோடு மூன்று மணித்தியாலம் 8.57. 'ப.நே.' என்பது பகல் நேரம் அல்ல, பழைய நேரம். இரண்டு கடதாசியும் ஒரே நொடியைத்தான் சொல்கின்றன. அரை மணித்தியாலம் என்பது 1 நாழிகை 15 விநாடி. அந்த வித்தியாசம் மணியில் இருந்தது. நாழிகையில் அது இருக்கவே இல்லை. நாழிகை உதயத்திலிருந்து எண்ணப்படுவதால், அரசாங்கம் கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அசையாது.

டீச்சர் கடதாசியைக் கையில் எடுத்து அந்த இரண்டு எழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு, "இதைத்தான் அவர் அந்த ஓரத்தில எழுதி வச்சிருக்கிறார். ஆருக்கும் கேக்கத் தோணல்ல" என்று சொன்னா. அடுத்த நாளே மூன்று வரியில் கணக்கை எழுதி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, அவர்கள் முறையில் அப்பா, ஓய்வுபெற்ற புகையிரத உத்தியோகத்தர். நேரம் மாறிய அந்த நாட்களில் வேலை செய்தவர். வாசித்த உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. அந்தக் குடும்பங்கள் இப்போது கலியாண வேலையில் இருக்கின்றன.

இதை எழுதுவதற்குக் காரணம், இப்படியான கடதாசிகள் நமது ஊரைச் சுற்றி இன்னும் நிறைய இருக்கின்றன. 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்கள் எல்லாரும் இப்போது வேலைக்கும் கலியாணத்துக்கும் நிற்கும் வயதில் இருக்கிறார்கள். வீட்டில் மூத்தவர்களின் குறிப்பு இருந்தால், உலகப் போர்க் காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1942 தொடக்கம் 1945 ஒக்டோபர் வரையிலும் இலங்கையில் நேரம் முன்தள்ளப்பட்டிருந்தது. முதலில் அரை மணித்தியாலம், அதே 1942இன் பிற்பகுதியிலிருந்து முழு மணித்தியாலம். இந்த இரண்டு காலத்திலும் பிறந்தவருக்கு மணி மட்டும் எழுதியிருந்தால் எந்த நேரம் என்று கேட்க வேண்டும். நாழிகை எழுதியிருந்தால் அந்தக் கேள்வி வராது.

ஆனால் நாழிகைக்கும் அதற்கே உரிய பலவீனம் உண்டு. அது கடிகாரத்தைச் சாராது, ஆனால் ஊரைச் சாரும். ஒரே நாளில் மட்டக்களப்பில் உதிக்கும் சூரியன் யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பிந்தித்தான் உதிக்கும். காலத்தைப் பொறுத்து ஏறக்குறைய 3 நிமிடம் முதல் 10 நிமிடம் வரை பிந்தும். யாழ்ப்பாணத்து உதயத்தை வைத்து மட்டக்களப்பில் பிறந்த பிள்ளைக்கு நாழிகை எழுதினால், அந்தப் பிழை அப்படியே உள்ளே போய்விடும். ஒரு நிமிடப் பிழை இரண்டரை விநாடியாகத் தெரியும், பத்து நிமிடப் பிழை 25 விநாடியாகத் தெரியும். ஆகவே பழைய குறிப்புகளில் விநாடி வரை நுணுக்கமாக எழுதியிருந்தாலும், ஐந்து பத்து நிமிட வித்தியாசத்தைப் பார்த்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது. சரியாக அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ இடித்தால் அது கடிகாரம் மாறியதன் அடையாளம். சில நிமிடம் மட்டும் இடித்தால் ஊர் மாறியதன் அடையாளம்.

இன்னொரு இடத்திலும் கவனம் தேவை. அது பெரிய எண். 'செவ்வாய்க்கிழமை, நாழிகை 50' என்று இருந்தால் என்ன? 50ஐ 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 20 மணித்தியாலம். உதயம் ஆறு மணி என்று வைத்தால், ஆறிலிருந்து இருபது மணித்தியாலம் போனால் அதிகாலை 2 மணி. கடிகாரப்படி அது புதன்கிழமை. ஆனால் மறுநாள் சூரியன் உதிக்காததால் குறிப்பில் அது இன்னும் செவ்வாய்தான். நமக்கோ செவ்வாய் மஃரிபுடனேயே புதன் இரவு தொடங்கிவிடுகிறது. ஒரே இரவுக்கு மூன்று பேர் மூன்று இடத்தில் நாளை மாற்றுகிறார்கள். அவர்கள் உதயத்தில், நாம் அஸ்தமனத்தில், கடிகாரம் நள்ளிரவில். பிறந்த திகதி ஒரு நாள் இடிக்கிறது என்று வரும் பல சண்டைகளுக்கு இதுதான் காரணம். நாழிகை ஏறக்குறைய 45க்கு மேல் இருந்தால் நள்ளிரவு கடந்துவிட்டது, ஆங்கிலத் திகதி ஒன்று கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். நொக்ஸ் சொன்னதுபோல இரவுக்குத் தனியாக எண்ணியிருந்தால், 'இரவு நாழிகை' என்று எழுதியிருக்கும். அப்போது உதயத்தோடு கூட்டாமல், சூரியன் மறைந்த நேரத்தோடு கூட்ட வேண்டும்.

எனவே யாராவது ஒரு பழைய குறிப்பைக் கொண்டுவந்தால் நாம் இந்த ஒழுங்கில் பார்க்கலாம். முதலில் உதயாதியா, இரவு நாழிகையா என்று பாருங்கள். பிறகு நாழிகையையும் விநாடியையும் 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்து மணித்தியாலமும் நிமிடமும் ஆக்குங்கள். பிறந்த ஊரின் அந்தத் திகதிக்குரிய உதயத்தைப் பள்ளிவாசல் அட்டவணையில் எடுத்துக் கூட்டுங்கள். கடைசியாக, பிறந்த வருடம் நேரம் மாறியிருந்த காலத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் சின்னதாக எழுதிய எழுத்து ஏதும் இருந்தால், அதைத் தள்ளிவிட முன்னர் எழுதியவர் யார், எந்த ஊரில் இருந்தார் என்று ஒரு தடவை விசாரியுங்கள்.